வேரில் முப்பத்தொன்பது

நான் கோபக்காரி. மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் மிளகாய். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எவ்வளவு கோபம் இருந்தாலும் விடைத்தாளில் யாருக்கும் அநியாயம் செய்ததில்லை என்று பத்தொன்பது வருஷமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

போன பருவத் தேர்வின் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற கணினிப் பாடத் தாளைத் திருத்தப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். நீளமான கூடம், ஓயாமல் கிறீச்சிடும் மின்விசிறிகள், மேசைக்கு ஒரு சிவப்புப் பேனா. காலையில் முப்பது தாள், மதியம் முப்பது தாள். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, மேலே ஒரு ரகசிய எண் மட்டும்தான். யார் பெற்ற பிள்ளை என்று நமக்குத் தெரியாது. அது நல்லதுக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் கேள்வி இரண்டு பகுதி. முதல் பகுதியில் 45, 22, 67, 10, 31, 58, 80, 27, 39 என்ற ஒன்பது எண்களை இதே வரிசையில் நுழைத்து ஒரு பைனரி சர்ச் ட்ரீ வரைய வேண்டும். சின்ன எண் இடப்பக்கம் போகும், பெரிய எண் வலப்பக்கம் போகும், அவ்வளவுதான். இரண்டாம் பகுதியில் மரத்தின் உச்சியில், அதாவது வேரில், இருக்கும் 45ஐ நீக்கிவிட்டு, மிஞ்சிய மரத்தை இன்ஆர்டரிலும் ப்ரீஆர்டரிலும் படித்து எழுத வேண்டும். அதற்கு எட்டு மதிப்பெண்.

கையில் கொடுத்த விடைக்குறிப்பில் வலக்கிளையின் மிகச் சின்ன எண்ணான 58ஐக் காலியான வேருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ப்ரீஆர்டர் என்றால் வேரைத்தான் முதலில் எழுத வேண்டும். அதனால் எனக்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது. ப்ரீஆர்டரின் முதல் எண்ணைப் பார்ப்பேன். 58 என்றால் மேற்கொண்டு படிப்பேன். இல்லையென்றால் பூஜ்யம் போட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். இன்ஆர்டரை நான் கண்டுகொள்வதே இல்லை. அது எப்படியும் ஏறுவரிசையில்தான் வரும், மரமே வரையத் தெரியாதவன்கூட எண்களை அடுக்கி எழுதிவிடுவான். மற்றவர்கள் பத்தாவது தாளில் தவழ்ந்துகொண்டிருந்தபோது நான் இருபதைத் தாண்டியிருந்தேன். எங்களை மேய்க்கும் தலைமைத் திருத்துநர் என் மேசைப் பக்கம் வந்து, “மேடம் மெஷின் மாதிரி” என்றார். பல்லைக் காட்டினேன்.

அன்றைக்கு ஒரு தாளில் ப்ரீஆர்டர் 39 என்று தொடங்கியது. அந்த 39ஐச் சுற்றி ஒரு கட்டம். பக்கத்தில் ஒரு வரி: ‘இடக்கிளையின் மிகப்பெரிய எண்ணை மேலே கொண்டுவந்தேன்.’ குறிப்பில் 58 இருக்கிறது, இவன் என்ன 39 என்கிறான் என்று எரிச்சலாக வந்தது. மரத்தின் மேல் ஒரு கோடு, அந்த வரியின் மேல் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு பூஜ்யம். தாளைப் புரட்டிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வகுப்பில் அதே பாடம். இரண்டு பிள்ளைகள் உள்ள நோடை, அதாவது கீழே இரண்டு கிளை பிரியும் எண்ணை, நீக்கும் விதத்தைப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சுப் பெண் எழுந்து, “மேடம், வலப்பக்கம் சின்னதை எடுக்காம இடப்பக்கம் பெருசை எடுத்தா?” என்றாள்.

“தாராளமா எடுக்கலாம். அதுவும் சரிதான். இடப்பக்கம் இருக்கிற எல்லாத்தையும் விட அது பெருசு, வலப்பக்கம் இருக்கிற எல்லாத்தையும் விட சின்னது. மரம் கெடாது” என்றேன்.

சொல்லிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பினேன். பலகையில் பழைய தேர்வின் எண்களைத்தான் எழுதியிருந்தேன். இடக்கிளையில் 10, 22, 27, 31, 39. பெரியது எது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷா வருஷம் நானே நடத்துகிற பாடம். வகுப்பறையில் தெரிந்தது திருத்தும் கூடத்தில் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மணி அடித்ததுகூட என் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து 39 என்னை விடவில்லை. வங்கியில் டோக்கன் 39. மருந்துக் கடை ரசீதில் 39. நடந்து போகும்போது ஒரு வீட்டுக் கதவில் 39 என்று ஆணியடித்திருந்தது, அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். கண்ணை மூடினால் கட்டம் போட்ட அந்த எண்ணும், அதன் மேல் நான் கிழித்த சிவப்புக் கோடும்தான். சாப்பிடும்போது தட்டில் விரலால் கிளை கிளையாகக் கோடு இழுப்பதைப் பார்த்து வீட்டுக்காரர், “என்னடி, மந்திரவாதம் ஏதாவது படிக்கிறியா?” என்று கேட்டார். எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

தேர்வு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ரகசிய எண் நினைவில்லை, அந்தப் பையன் எப்படியும் பாஸாகியிருப்பான், இல்லையென்றால் மறுமதிப்பீடு கேட்டிருப்பான் என்று நாளுக்கொரு சாக்கு. உண்மை என்னவென்றால் பயம். தப்பாகத் திருத்தினவள் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் மூன்று வருஷம் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. மானம் போய்விடும்.

போன வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்குத் துறை அலுவலகப் பையன் ஒருவரை என் அறைக்கு அழைத்துவந்தான். ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் டெஸ்டர், விரல் இடுக்கில் கிரீஸ் கறை. லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்றார். கையில் பிளாஸ்டிக் உறை.

“பையனோட விடைத்தாள் நகலுங்க. நாப்பத்தஞ்சு எடுத்தா பாஸ், நாப்பத்தொன்னுதான் வந்திருக்கு. திரும்பத் திருத்தணும்னா இந்தப் பாடம் எடுக்கிற ஒருத்தங்க பாத்து, இதுக்கு மார்க் கிடைக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். ரெண்டு காலேஜ்ல கேட்டேன். குறிப்புல 58 இருக்கு, எதுக்கு வம்புன்னுட்டாங்க. இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசி.”

உறைக்குள்ளிருந்து தாளை எடுத்தார். நகலில் சிவப்பு கறுப்பாகியிருந்தது. ஆனால் என் பூஜ்யத்தை எனக்குத் தெரியாதா? அடியில் ஒரு கொக்கியோடு முடியும். கட்டத்துக்குள் 39.

“பையனை வரச் சொல்லுங்க. விண்ணப்பத்துல அவன் கையெழுத்தும் வேணுமே” என்றேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

“அது இருக்குங்க. ஆஸ்பத்திரியில இருக்கும்போதே போட்டுக் குடுத்துட்டான்.” குனிந்து உறையைச் சரி செய்தார். “காய்ச்சல்னுதான் சேத்தோம். இப்ப அவன் இல்லைங்க.”

எதிரில் இருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

“இனிமே பாஸாகி என்ன ஆகப்போகுதுன்னு வீட்ல கேக்கிறாங்க. எனக்கு ஒன்னே ஒன்னுதான் தெரியணும். எங்க தப்பு பண்ணான்?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவன் எழுதியது என்று ஒரு நோட்டை என் முன்னால் வைத்தார். திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அதே மரம். 45இல் தொடங்கி ஒன்பது எண்கள். ஒரு பக்கத்தில் 45ஐ நீக்கி 58ஐ மேலே ஏற்றியிருந்தான், அடுத்த பக்கத்தில் 39ஐ. இரண்டுக்கும் கீழே இன்ஆர்டர்: 10, 22, 27, 31, 39, 58, 67, 80. இரண்டும் ஒன்று என்று அடிக்கோடு. அதற்கும் கீழே ‘எங்கே?’ என்று ஒரு சொல். பக்கம் புரட்டப் புரட்ட அந்த ‘எங்கே?’ வந்துகொண்டே இருந்தது. போகப் போக எழுத்து நடுங்கியது. கடைசிப் பக்கத்தில் 45, 22, 67, 10 மட்டும் இருந்தன. 31க்காக ஒரு கோடு இழுத்திருந்தான். அதன் முனையில் எண் இல்லை. இல்லாத தப்பைத் தேடியிருக்கிறான் பையன். நான் அழுதேனா என்று தெரியவில்லை, கண்ணாடி மங்கிவிட்டது.

“தப்பே இல்லைங்க” என்றேன்.

அவர் நம்பவில்லை. “பாவப்பட்டுச் சொல்லாதீங்க. காட்டுங்க.”

ஒரு வெள்ளைத் தாளில் மரத்தை வரைந்தேன். சின்னது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம் என்றதும் அவரே என் பேனாவை வாங்கி, 31 எங்கே போகும் என்று விரல் வைத்துத் தேடி, 45க்கு இடப்பக்கம், 22க்கு வலப்பக்கம் என்று சரியாக எழுதினார். பிறகு 45ஐ அடித்தேன். லிஃப்டில் கேபிளைக் கழட்டினால் பெட்டி விழாமல் தாங்க வேறொன்று வேண்டும், அது மாதிரியா என்றார். ஆமாம் என்றேன். 39ஐ மேலே வைத்தேன். கீழே 22, 10, 31, 27. அந்தப் பக்கம் 67, 58, 80. ஒவ்வொரு கிளையாக அவரே ஒப்பிட்டுப் பார்த்தார். மேலிருந்து, இடக்கிளையை முதலில் முடித்து, படிக்கச் சொன்னேன்.

“முப்பத்தொன்பது, இருபத்திரண்டு, பத்து, முப்பத்தொன்னு, இருபத்தேழு, அறுபத்தேழு, ஐம்பத்தெட்டு, எண்பது.” மகனின் தாளோடு வைத்துப் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. “அப்போ சரியாத்தான் எழுதியிருக்கான்.”

“நூத்துக்கு நூறு சரி. எட்டும் கிடைக்கணும். நாப்பத்தொன்பது.”

படிவத்தை இழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கை கூப்பினார். “நீங்க நல்லா இருக்கணும். அந்தக் கடங்காரன் எவனோ, கண்ணைப் பொத்திக்கிட்டு முட்டை போட்டிருக்கான். நீங்க ஒருத்தராவது உக்காந்து பாத்தீங்க.”

அவ்வளவோடு விட்டிருக்கலாம். அவர் போய்விடுவார், மதிப்பெண் வந்துவிடும், என் பெயர் எங்கும் வராது. வாயை மூடிக்கொண்டு அந்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் கூப்பிய அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை.

படிவத்தைத் திரும்ப வாங்கி, கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘முதலில் இந்தத் தாளைத் தவறாகத் திருத்தியவள் நானே.’ அதை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“இந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பாத்தீங்க?” என்றார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. “அஞ்சு விநாடி இருக்கும்.”

அவர் நோட்டை எடுத்து உறைக்குள் வைத்தார். படிவத்தை மடிக்காமல் அதற்கு மேல் வைத்தார். மணி நாலரை தாண்டியிருந்தது.

“அவன் பதினோரு நாள் பாத்தான்” என்று சொல்லிவிட்டு, ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று வேகமாக நடந்து போனார்.