மேட்டில் நின்ற சி

அருமைநாயகத்தின் கையெழுத்து அழகாக இருக்கும். அதுகூட எனக்குப் பிடிக்காது. கரமனையிலிருந்து தினமும் நடந்து இந்த நெல் பண்ணைக்கு வந்து ஒன்பது வருஷம் சேற்றில் நின்றவன் நான். அவன் கோயம்புத்தூரில் எட்டே மாதம் படித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் வந்து சேர்ந்தான். வந்த மறுநாளே சூப்பிரண்டு அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். என்னை இன்றுவரை சொன்னதில்லை.

நான் ஆறு வருஷமாகக் கதிர் கதிராகப் பொறுக்கியெடுத்த நெல் ரகம் ஒன்று இருந்தது. அவனும் ஒன்று கொண்டுவந்திருந்தான். வேறு இரண்டையும் சேர்த்து நாலு ரகத்துக்கும் பரீட்சை. ஜெயித்தது நாஞ்சில்நாட்டு வயல்களுக்குப் போகும், பொறுக்கினவன் பெயரோடு. யார் ரகம் எது என்று தெரியாதபடி ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்து, விவரத்தை உறையில் போட்டு சூப்பிரண்டு பூட்டிவிட்டார்.

வயலின் தென்புறம் வாய்க்கால், வடபுறம் மேடு. தண்ணீர் மேடேறும்போது மெலிந்துபோகும்.

"வாய்க்காலுக்கு இணையா நாலு வரி, சாரே," என்றான் அருமைநாயகம். "ஒரு வரி ஒரு பிளாக்கு. ஒவ்வொண்ணுலயும் நாலு ரகமும் நிக்கும், ஒரே தண்ணியில. எது எந்த இடம்னு சீட்டுக் குலுக்கிப் போடுவோம். வரிக்கு வரி உள்ள ஏற்றத்தாழ்வைக் கணக்குல தனியாக் கழிச்சிரலாம். பெறவு மிஞ்சுற பிழை சின்னதாயிரும், நெல்லுக்கு நெல்லு உள்ள சின்ன வித்தியாசமும் தெரியும்."

புரிந்தது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

நாற்றங்காலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் அவன் தினமும் காலையில் சி பாத்தியின் பக்கத்தில் நின்று சிரித்த முகமாகப் பார்ப்பான். பெற்றவனுக்கல்லாமல் வேறு யாருக்கு அந்தச் சிரிப்பு வரும்? சி அவனுடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நடவு வாரத்தில் தங்கை கல்யாணத்துக்கென்று அவன் மார்த்தாண்டம் போனான். வயலில் பாத்தி பிரித்து முளையடிக்கும் வேலை என் கைக்கு வந்தது. திட்டத்தாளைப் பார்த்தேன். நாலு வரியில் மூன்றில் சி கடைசி இடத்தில் இருந்தது. குலுக்கலில் அப்படி விழுந்திருக்கிறது. தாளைக் கால் வட்டம் திருப்பினேன். வரிகள் வாய்க்காலிலிருந்து மேடு நோக்கி ஓடின. கடைசி இடங்களெல்லாம் மேட்டில் போய் விழுந்தன. அப்படியே முளையடித்தேன். சி தண்ணீரில்லாமல் கிடக்கட்டும் என்றுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழே நின்று பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பதினாறு பாத்தி, பதினாறு பலகை. அவன் திரும்பிவந்து பார்த்தபோது சந்தேகப்படவில்லை. கதிர் முற்றியதும் வருஷ அறிக்கைக்கென்று சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்து களத்துக் கொட்டகைக் கூரைமேல் ஏறிப் படம் எடுத்துவிட்டுப் போனார்.

அறுத்து நிறுத்தோம். ஒரே ரகம் ஒரு பாத்தியில் வாரிக் கொடுத்தது, இன்னொன்றில் பாதிகூட இல்லை. பிழை அவ்வளவு பெரிதாக இருக்கையில் எது மேல் என்று சொல்லவே முடியாது என்றான் அருமைநாயகம். சராசரியில் சி கடைசி. சூப்பிரண்டு உறையைப் பிரித்தார்.

"சி, பட்டாபியோடது. அடுத்த வருஷம் அது வேண்டா," என்றார் என்னைப் பார்த்து.

ஆறு வருஷத்தையும் என் கையாலேயே மேட்டில் கொண்டுபோய் நட்டுக் கொன்றிருக்கிறேன்.

மறுநாள் போட்டோ வந்தது. அருமைநாயகம் அதையும் திட்டத்தாளையும் மேஜையில் வைத்து என்னைக் கூப்பிட்டான். படத்தில் வாய்க்கால் ஓரம் கருகருவென்று உயர்ந்து நின்றது. மேடேற மேடேறப் பயிர் பட்டைபட்டையாகக் குட்டையாகிக்கொண்டே போயிற்று. அந்தப் பட்டைகளுக்குக் குறுக்கே ஓடின என் பிளாக்குகள்.

"ஒவ்வொரு பிளாக்குக்குள்ளயும் ஈரமும் இருக்கு, மேடும் இருக்கு. பிளாக்குக்குப் பிளாக்கு ஒண்ணுபோல. கழிக்கதுக்கு என்ன இருக்கு?" என்றான். பிறகு மேட்டு வரியில் விரலை வைத்தான். "இங்க நாலு பாத்தி, மூணு சி, ஒரு ஏ. பாருங்க, சி ஒரு சாண் கூடுதலா நிக்கி. ஏ என்னோடதாக்கும். நாத்தங்கால்லயே அந்த சி எனக்குப் பிடிச்சுப்போச்சு, சாரே. யாரு பொறுக்குனதோ, கெட்டிக்காரன்னு நெனச்சேன்."

திட்டத்தாளைக் கால் வட்டம் திருப்பிப் படத்தின் பக்கத்தில் வைத்தான்.

"வயல்ல பிளாக்கு தப்பா விழுந்திருக்குன்னு எழுத்துல கொடுத்தா இந்தப் பரீட்சையத் தள்ளிட்டு மறுபடி நடலாம். சி-க்கு இன்னொரு தடவை கிடைக்கும். நான்தான் திட்டத்தைத் தப்பா வரைஞ்சேன்னு எழுதியிருக்கேன். உமக்குப் பெரிய அசிஸ்டெண்டு வேலை வரப்போற நேரம்லா."

கடிதத்தை நீட்டினான். அழகான கையெழுத்து. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எல்லாம் தெரிந்தே எழுதியிருக்கிறான். சூப்பிரண்டு படித்துவிட்டு இவனை இன்னும் கொஞ்சம் நல்லவன் என்று நினைப்பார். ஊரே நினைக்கும். நானும் ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பேனாவை வாங்கி அவன் பெயரை அடித்தேன். "திட்டம் சரி. தாளைத் திருப்பிப் பிடித்து முளையடித்தவன் நான். வேண்டுமென்றே செய்தேன்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"எதுக்கு ஓய் இது?" என்றான் பதறிப்போய்.

மனசாட்சி என்று சொல்லியிருக்கலாம். பொய். அந்த நல்ல பெயரையும் அவனே எடுத்துக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.