ஆயிரம் கிலோமீட்டர் கோழிக்கறி

சைக்கிள் மீட்டரில் ஆயிரம் கிலோமீட்டர் விழுந்ததும், தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர் பக்கிரிசாமி தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் கோழிக்கறி போட்டார். எலும்பைக் கடித்துக்கொண்டே மனைவி ருக்குமணி கேட்டாள்.

"கியா பார்ம் ரோட்டுல பத்தாவது கல்லத் தொடுறதுக்குள்ள உங்க மீட்டர் பத்தைத் தாண்டிப் போயிருதே. தடி டயரைக் கழட்டி மெல்லிசு போட்டு, மீட்டரை சைபர்லேருந்து ஆரம்பிச்சப்ப சக்கரத்தை அளந்தீங்களா?"

அளக்கவில்லை. மெல்லிய டயர் ஒரு சுற்றுக்குக் குறைவான தூரம்தான் உருண்டது. மீட்டரோ பழைய அளவையே கூட்டிக்கொண்டிருந்தது.

அந்த மலையில் சமதரை என்றால் பூப்பந்துத் திடல்தான். பந்தியே எழுந்து அங்கே ஓடியது. முன்சக்கரத்தின் வால்வைக் கீழே நிறுத்தி, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஆள் பாரத்தில் டயர் அமுங்கினால்தான் அளவு சரி என்று பக்கிரிசாமி ஏறி உட்கார, இருவர் நேராகத் தள்ளினார்கள். வால்வு மறுபடி கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு. ருக்குமணி டேப்பை விரித்தாள்: இருநூற்று நான்கு சென்டிமீட்டர். மீட்டரில் இருந்தது இருநூற்றுப் பத்து.

பக்கிரிசாமி புது அளவைப் போட்டார். "நிஜ ஆயிரத்துக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் கிட்ட பாக்கி லா" என்று அசடு வழிந்தார்.

"அப்ப நாங்க தின்னது ஒத்திகை" என்றான் பக்கத்து வீட்டு விஜயன், சட்டியை வழித்தபடி. "மெதுவா ஓட்டி முடிங்கண்ணே. நிஜ ஆயிரத்துக்கு ஆட்டுக்கறி லா."