பிரைமரி இல்லாத ஐடியல்

எம்.எஸ்ஸி. அல்ஜீப்ரா விடைத்தாள்களை மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றின் மாடியில் திருத்திக்கொண்டிருந்தார்கள். எழுபத்துமூன்றாம் ஆண்டு மே மாத வெயிலில் மின்விசிறி அனல்காற்றைத்தான் சுழற்றியது. தலைமைத் தேர்வாளர் அனந்தராமன் மேடைமேல் உட்கார்ந்து வெள்ளி டம்ளரில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். கேள்வியும் அவருடையது, மாதிரி விடையும் அவருடையது.

கீழே முதல் வரிசையில் தாள் திருத்திக்கொண்டிருந்த விரிவுரையாளர் சண்முகவடிவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இருபது வருஷமாக ஒரே குறிப்பை ஒப்பிக்கிறவர் என்பது அவள் எண்ணம். அவளைப் பற்றி அவர், "தி.நகர் ஜவுளிக்கடைக்காரா பொண்ணு, முழம் போடத் தெரியும்" என்று சொன்னதாக அவள் காதுக்கும் வந்திருந்தது.

பக்கத்தில் இருந்த உமர் ஃபாரூக் ஒரு விடைத்தாளில் முட்டை போட்டுவிட்டு, "ரேடிகல் பிரைமா இருந்தா ஐடியல் பிரைமரின்னு நிரூபிக்கச் சொன்னா, இந்தப் பொண்ணு அது தப்புன்னு எழுதியிருக்கு மேடம்" என்று சிரித்தார்.

சண்முகவடிவு வாங்கிப் படித்தாள். அந்தப் பெண் முழு எண்களில் ஆரம்பித்திருந்தாள். பன்னிரண்டின் மடங்குகள் ஓர் ஐடியல். ஏதாவது ஓர் அடுக்கு அதற்குள் விழும் எண்களெல்லாம் சேர்ந்ததுதான் அதன் ரேடிகல். அது ஆறின் மடங்குகள். பிரைமரி என்றால், ஒரு பெருக்கம் உள்ளே விழுந்து அதன் ஒரு காரணி உள்ளே இல்லாதபோது, மற்றதன் ஏதாவது ஓர் அடுக்கு உள்ளே வந்தாக வேண்டும். நான்கையும் மூன்றையும் பெருக்கினால் பன்னிரண்டு. நான்கு உள்ளே இல்லை, மூன்றின் எந்த அடுக்கும் உள்ளே வராது. ஆகவே அது பிரைமரி இல்லை. எட்டின் மடங்குகளுக்கோ ரேடிகல் இரண்டின் மடங்குகள். அது பிரைம், அதாவது ஒரு பெருக்கம் உள்ளே விழுந்தால் காரணிகளில் ஒன்றாவது உள்ளே இருக்கும். எட்டு பிரைமரிதான். முழு எண்களில் கேள்வி சரி. பிறகு எக்ஸ், ஒய் என்ற இரண்டு மாறிகளின் பல்லுறுப்புக் கோவைகளுக்குப் போய், எக்ஸ் வர்க்கமும் எக்ஸ்-ஒய்யும் பிறப்பிக்கும் ஐடியலை எடுத்திருந்தாள்.

சண்முகவடிவு விடைத்தாளோடு எழுந்து நேராகக் கரும்பலகைக்குப் போனாள்.

"என்னம்மா பண்றேள்?" என்றார் அனந்தராமன்.

"உங்க கேள்வியே தப்பு சார்."

அவள் எழுதிக்கொண்டே பேசினாள். "இந்த ஐடியலோட ரேடிகல், எக்ஸோட மடங்குகள். அது பிரைம். எக்ஸ்-ஒய் உள்ள இருக்கு. எக்ஸ் உள்ள இல்ல, ஏன்னா உள்ள இருக்கிற உறுப்புக்கெல்லாம் படி குறைஞ்சது ரெண்டு இருக்கணும். ஒய்யோட எந்த அடுக்கும் வராது, உள்ள இருக்கிறதெல்லாம் எக்ஸால வகுபடணும். அப்போ பிரைமரி இல்ல."

அனந்தராமன் மோரைக் கீழே வைத்தார். "எண்கள்ல சரியா வரதோன்னோ?"

"கேள்வியில எண்கள்னு எங்க சார் இருக்கு? நீங்க எண்களைத் தாண்டிப் போனதேயில்லன்னு எங்களுக்குத் தெரியும். பிள்ளைங்களுக்குத் தெரியணுமா?"

யாரோ இருமினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் ஒரு பொய் தயாராகிவிட்டது. "ரேடிகல் மேக்ஸிமல்னுதான் எழுதினேன். அச்சகத்துல விட்டுட்டான்." பிரைமைவிடக் கடுமையான நிபந்தனை அது.

"மேக்ஸிமல்னா உண்மைதான். எக்ஸும் ஒய் வர்க்கமும் பிறப்பிக்கிறதுகூட அப்படித்தான் பிரைமரி. ஆனா உங்க மாதிரி விடையில மேக்ஸிமல்ங்கிறது எந்த வரியில வருது சார்? ஐடியல்ல இல்லாத உறுப்பு ரேடிகல்லயும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. இங்க எக்ஸ் ஐடியல்ல இல்ல, ரேடிகல்ல இருக்கு. அதையும் அச்சகத்துக்காரனா எழுதினான்?"

அனந்தராமன் முகம் சிவந்தது. வேறு பக்கம் திரும்பி அறை முழுவதற்குமாக அறிவித்தார்: "அந்தக் கேள்வியைத் தொட்டவா எல்லாருக்கும் முழு மார்க் போட்டுடுங்கோ. நன்னா வாழட்டும்."

"தப்பை நிரூபிச்சவங்களுக்கும், தப்புன்னு கண்டுபிடிச்சவளுக்கும் ஒரே மார்க்கா?"

"இஷ்டமில்லேன்னா விடைத்தாள் கட்டை வச்சுட்டுக் கிளம்புங்கோ."

அவள் அந்தப் பெண்ணின் தாளில் முட்டையை அடித்து முழு மார்க் போட்டாள். தன் விடைத்தாள் கட்டில் இருந்த மற்றவர்களுக்கு அந்தக் கேள்விக்கு ஒன்றும் போடவில்லை. கட்டை மேடையில் வைத்தாள். அனந்தராமன் அதை அப்படியே உமர் ஃபாரூக்கிடம் நீட்டினார். எல்லாருக்கும் முழு மார்க் போட, அவர் தலை நிமிராமல் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். சுற்றியிருந்த பேராசிரியர்களில் ஒருவரும் கரும்பலகையைப் பார்க்கவில்லை. இத்தனை பேரும் எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறவர்கள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் உமர் ஃபாரூக் அவளிடம் வந்தார். "அந்தப் பொண்ணுக்கு நியாயம் கிடைச்சிடுச்சே மேடம். மத்தவங்களும் பொழைச்சுப் போகட்டும்."

"கேள்வி தப்புன்னு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

அவர் செருப்பைப் பார்த்தார். "கேள்வித்தாளைப் பார்த்த அன்னிக்கே."

"தெரிஞ்சுதான் அவளுக்கு முட்டை போட்டீங்களா?"

பனகல் பார்க் பஸ் வந்தது. அவர் ஒதுங்கி, அவள் முதலில் ஏற வழிவிட்டார். சண்முகவடிவு ஏறவில்லை. அவரோடு ஒரே பஸ்ஸில் போகப் பிடிக்காமல், லஸ் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.