தேவயானியின் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்

தேவயானிக்குக் கணக்கு இடித்தால் சோறு இறங்காது. அரியலூரில் ஒரு சிமென்ட் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறவள், வீடு பெரம்பலூரில். குரூப் ஃபோர் தேர்வு எழுதுவதென்று முடிவெடுத்த அதே மாதத்தில், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடக்கணும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். உடனே அவள் மகள் சுவாதியின் எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி, வாரத்துக்கு ஒரு பட்ஜெட் போட்டாள்.

வரவு நூற்று அறுபத்தெட்டு மணி. ஆபீசுக்கு நாற்பத்தெட்டு, பஸ்ஸுக்குப் பன்னிரண்டு, தூக்கத்துக்கு நாற்பத்தொன்பது, அடுப்படிக்கும் வீட்டு வேலைக்கும் இருபத்தொன்று, குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் பதினான்கு. மிச்சம் இருபத்துநான்கு. அதில் படிப்புக்குப் பதினெட்டு, நடைக்கு இரண்டரை, சுவாதிக்கு மூன்றரை. தூக்கத்துக்கு மேலே மட்டும் 'தொடக்கூடாது' என்று எழுதிவைத்தாள். ஒரு நிமிஷம் கூட மிஞ்சவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

புருஷன் இளையபெருமாள் துறைமங்கலத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கும் டூவீலர் மெக்கானிக். பலகையைப் பார்த்துவிட்டு, "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டான்.

"நீங்க வூட்லதானே இருக்கீங்க" என்றாள்.

மாதக் கடைசி வந்தது. ஆபீசில் ஆறு மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டியதாயிற்று. அதை எதில் கழிப்பது? தூக்கத்தில் கழித்தாள். அடுத்த வாரம் சுவாதிக்குக் காய்ச்சல். அதையும் தூக்கத்தில் கழித்தாள். நடை தானாகவே நின்றுபோயிற்று. படிப்பு மட்டும் பதினெட்டில் ஆடாமல் அசையாமல் நின்றது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அரியலூரில், பெரம்பலூர் வழியாகப் போகும் துறையூர் பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைத்தது. கண்ணை மூடியதுதான் தெரியும். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பெரம்பலூர் பின்னால் போய்விட்டிருந்தது.

"குரும்பலூரும்மா. பெரம்பலூர்ல எத்தன சத்தம் போட்டேன்!"

இறங்கி நின்று புருஷனுக்குப் போன் செய்தாள். இளையபெருமாள் கிரீஸ் கையோடு, பைக்கில் சுவாதியை முன்னால் உட்காரவைத்துப் பறந்து வந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவனோ டீக்கடையில் மூன்று பேருக்கும் போண்டா சொன்னான். சுவாதி ஒரு வாரக் கதையை ஒரே மூச்சில் கொட்டினாள். அதில் பாதி தேவயானிக்குத் தெரியாத கதை.

"தூக்கத்துல கைய வச்சிட்ட தேவி," என்றான் அவன் மெதுவாக. "அது தொடக்கூடாத கணக்குன்னு நீதானே மேல எழுதியிருக்க?"

"வேற எதுலங்க எடுக்கிறது? அடுப்படி வேல கொறையுமா?"

"வேல கொறையாது. அத நீயேதான் செய்யணும்னு யாரு சொன்னா? காலையில கடையத் தெறந்துட்டு ஒரு மணி நேரம் டீயும் பேப்பருமா சும்மாத்தான் உக்காந்திருக்கேன். அத எடுத்துக்க."

"தெனமும் ஒரு மணி நேரமா?"

"ஞாயித்துக்கெழமயும் சேத்து."

அன்று வீட்டுக்குப் போனதும் பலகையை அழித்து எழுதினாள். வீட்டு வேலை பதினான்காக இறங்கியது. கிடைத்த ஏழில் மூன்றரை சுவாதிக்குப் போயிற்று. மீதி மூன்றரையை எதற்கும் ஒதுக்காமல் விட்டாள். வெற்றுக் கட்டத்தை விட்டுப் பழக்கமில்லை. ஆபீஸ் இழுத்தால் முதலில் அதில் எடுப்பது, போதாவிட்டால் படிப்பில் எடுப்பது, படிப்பு பன்னிரண்டுக்குக் கீழே இறங்காது, தூக்கத்தையும் நடையையும் யாரும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

பிறகு சாக்பீஸை அவனிடம் நீட்டினாள். "இப்ப உங்களோடது சொல்லுங்க. உங்களுக்கும் நூத்தி அறுபத்தெட்டுதான்."

அவன் சிரித்துக்கொண்டே சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கடைக்கே எழுபத்தேழு. நடைக்கு ஒன்றுமில்லை. அவன் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தன் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நாளைலேருந்து ரெண்டு பேரும் சேந்து நடக்கிறோம். வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம். உங்க கடைல கழிச்சிட்டேன்," என்றாள்.

"முதலாளியக் கேக்க வேணாமா?"

"கேட்டாச்சு. ஒத்துக்கிட்டாரு."

அடுத்த மாதக் கடைசியிலும் ஆபீஸ் ஆறு மணி நேரம் இழுத்தது. வெற்றுக் கட்டம் மூன்றரையைத் தாங்கியது, படிப்பு பதினைந்தரைக்கு இறங்கியது. அவள் பதறவில்லை. இளையபெருமாளின் முதல் வாரத்துச் சட்னிகள் உப்புக் கரித்தன. தாயும் மகளும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். தேர்வை நிம்மதியாக எழுதிவிட்டு வந்தாள். முடிவு இன்னும் வரவில்லை. காலையில் கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் போகிறவர்கள் பார்க்கலாம்: அவள் வேகமாக முன்னால் நடப்பாள், "கொஞ்சம் மெதுவாப் போ தாயி" என்று ஒருவன் மூச்சு வாங்கப் பின்னால் வருவான்.