வாசல் மேசைப் பேனா

டமார் என்ற சத்தத்தில் மீட்டிங் அறையே அதிர்ந்தது. கணக்குப் பிள்ளை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசைக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தார். தரையில் வெள்ளைச் சில்லுகள். அவற்றுக்கு நடுவில், கீழே போட்டாலும் உடையாது என்று சொல்லிக் காபி மக்கைக் கீழே போட்டுக் காட்டிய மச்சான் சார் நின்றுகொண்டிருந்தார்.

"கைப்பிடி நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றார் முதலாளி.

முதலாளியின் மனைவிக்குத் தம்பி அவர். விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டு உறவு அலுவலகத்துக்கும் வந்து, டிரைவர் முதல் மெக்கானிக் வரை எல்லோருக்கும் அவர் மச்சான் சார்தான். கம்பெனியின் வேலை லிஃப்ட் பராமரிப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, அலுவலகக் கட்டடம் என்று ஆண்டு ஒப்பந்தம் போட்டு, லிஃப்ட் நின்றால் ஓடிப்போய்ச் சரிசெய்வார்கள். ஆண்டுதோறும் வாடிக்கையாளர்களுக்குக் கம்பெனி பெயர் போட்ட ஒரு பரிசு போகும். இந்த ஆண்டு என்ன கொடுப்பது என்பதற்குத்தான் இந்தக் கூட்டம்.

சில்லுகளைப் பெருக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் விளம்பரப் பொறுப்பில் இருந்த பெண். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிடுவாள் என்பதால் அவளுக்குக் 'கால்குலேட்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் அதற்குக் கோபப்படுவதில்லை. அன்று அவளுக்குக் கவலை வேறு. இரண்டு ஆண்டுகளாகப் புதுக் கட்டடம் எதுவும் சேரவில்லை. விளம்பரத்துக்கென்று தனிப் பிரிவு எதற்கு, மச்சானோடு சேர்த்துவிடலாமே என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சேர்த்தால் அவள் வேலை போகும். இந்தப் பரிசு மூலமாக ஒரே ஒரு புதுக் கட்டடமாவது வரட்டும், அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மச்சான் சாரின் கட்சி மக். பல ஆண்டு உழைக்கும், தினமும் கையில் எடுப்பார்கள் என்றார். கணக்குப் பிள்ளைக்குத் துணிப்பை பிடித்திருந்தது. தெருவெல்லாம் பெயர் தெரியும். முதலாளிக்குப் பேனா. காரணம் விலை.

மூன்றிலும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டு அவள் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். போன ஆண்டு மக்கும், அதற்கு முந்தைய ஆண்டு பையும் கொடுத்தோமே, அவை இப்போது எங்கே இருக்கின்றன என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். கொடுத்த பரிசைப் பின்தொடர்ந்து போன கம்பெனி உலகத்தில் கிடையாது என்று மச்சான் சார் சிரித்தார்.

அவள் போனாள். முதல் கட்டடத்தின் மேலாளர் மேசையைத் திறந்து மக்கைப் பெட்டியோடு எடுத்துக் காட்டினார். அழகாக இருப்பதால் யாருக்காவது கொடுக்கலாம் என்று பத்திரப்படுத்தியிருந்தாராம். அடுத்த இடத்தில் அது பெயின்ட் பிரஷ் ஊறும் பாத்திரமாகியிருந்தது. இன்னொரு இடத்தில் உண்மையாகவே தினமும் அதில் காபி குடித்தார்கள். ஆனால் அது மலிவான அச்சு. கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்துப் பெயரில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியும் வலது கையால் பிடித்தால் குடிப்பவருக்குத் தெரியாமல் எதிரே இருப்பவரைப் பார்த்தது. எதிரே இருந்தது சுவர்.

பைகள் நன்றாகவே உழைத்திருந்தன. தையல் பிரியவில்லை, சாயமும் போகவில்லை. மேலாளர்களின் மனைவிமார் அவற்றை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனார்கள். இதைக் கேட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வகுத்துப் பார்த்தாள். ஒரு பையை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அந்த ஆயிரம் பேரில் லிஃப்ட்டுக்கு ஒப்பந்தம் போடுகிறவர் எத்தனை பேர்? வெங்காயம் விற்கிறவருக்கு லிஃப்ட் எதற்கு?

கடைசியாகப் போன குடியிருப்பில், வாசல் மேசைக்கு முன்னால் ஒரு கூரியர்காரர் கையை நீட்டியபடி நின்றார். வருகைப் பதிவேடு திறந்திருந்தது. பேனா இல்லை. காவலாளி இழுப்பறையைத் துழாவினார், சட்டைப்பையைத் தடவினார், கடைசியில் காதில் செருகியிருந்த தன் சொந்தப் பேனாவைக் கொடுத்தார். கூரியர்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவோடு நடந்தார்.

"யோவ், நில்லுய்யா! என் பேனா!" என்று காவலாளி வாசல் வரை ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர் அவளிடம், "இந்த வேலையில திருடனப் புடிச்சதில்லம்மா. பேனாவத்தான் புடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார்.

அவள் அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். தண்ணீர் கேன் போடுகிறவர், விருந்தாளிகள், எலக்ட்ரீஷியன், லிஃப்ட் மெக்கானிக் எல்லோரும் அந்த மேசையில் குனிந்தார்கள். மேலாளரும் காலையில் வந்ததும் அங்கேதான் நின்று, யார் வந்தார்கள் என்று பதிவேட்டைப் புரட்டினார். வேண்டியவர் கண்ணில் நாள்தோறும் படுகிற இடம் அது. அங்கே நகர்ந்து போகாத ஒரு பேனா இருந்தால் போதும்.

மறுநாளே அச்சுப் பொருள் சப்ளை செய்பவரைப் பிடித்தாள். சின்னப் பீடம், அதில் சங்கிலியோடு ஒரு பேனா. சப்ளையர் பேனாத் தண்டிலேயே பெயர் அச்சடித்து ஒரு மாதிரி கொண்டுவந்தார். அதை அலுவலக வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் ஒட்டி, எல்லோரையும் அதிலேயே கையெழுத்துப் போடச் சொன்னாள். கட்டைவிரல் படுகிற இடத்தில் போன் நம்பர் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது. ஆகவே பெயரும் நம்பரும் பீடத்துக்கு மாறின: உலோகத் தகட்டில், தேய்ந்து போகாதபடி செதுக்கல், எழுதுகிறவர் முகத்தை நோக்கிச் சாய்வாக. சங்கிலி குட்டையாக இருந்ததால் இடதுகைக்காரரான கணக்குப் பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு எழுதினார், அடுத்த மாதிரியில் சங்கிலி நீண்டது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற ரீஃபில்தான் போட வேண்டும் என்றும் கறாராகச் சொல்லிவிட்டாள். மை தீர்ந்ததும் செத்துப்போகிற பேனா பீடத்தையும் சேர்த்துக் குப்பைக்குக் கொண்டு போய்விடும்.

விலை மக்கைவிடக் கொஞ்சம் குறைவு. சாதாரணப் பேனாவைவிடப் பல மடங்கு. இதுதான் மச்சான் சாருக்கு வசதியாகப் போயிற்று.

"ஒரு பேனாவுக்கு இவ்வளவா? தங்கச் சங்கிலியா போடுறீங்க?"

"விலைய அப்படியே பாக்காதீங்க சார். யார் பாக்குறாங்க, எத்தன நாள் பாக்குறாங்கன்னு வகுத்துப் பாருங்க. பெட்டிக்குள்ள இருக்குற மக்குதான் இருக்குறதுலயே விலை ஜாஸ்தி."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தார். பாதிக்கு மக், பாதிக்குப் பேனாப் பீடம். எதிலிருந்து அழைப்பு வந்தது என்று பின்னால் சண்டை வரக்கூடாது என்பதற்காக அவளே ஒரு வழி சொன்னாள். மக்கில் ஒரு நம்பர், பீடத்தில் இன்னொரு நம்பர். இரண்டுக்கும் தனித்தனி போன். இரண்டு போன்களும் வரவேற்பறை மேசையில் அக்கம்பக்கமாக உட்கார்ந்தன.

மச்சான் சார் பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப்போய் மக்கைக் கொடுத்து, கை குலுக்கிவிட்டு வந்தார். அவளும் வாடிக்கையாளர்களின் வாசல் மேசைகளில் பீடத்தை ஒட்டினாள். மீதி நிறைய இருந்தது. வேறு கம்பெனிகள் பராமரிக்கும் கட்டடங்களுக்கும் போவது என்று முடிவு செய்தாள். அடுத்தவன் வீட்டு வாசலில் நம் பெயரா, விரட்டிவிடுவார்கள் என்றார் மச்சான் சார். எந்தக் காவலாளியும் விரட்டவில்லை. பேனாவைத் துரத்தி ஓடிய கால்கள் எல்லா வாசலிலும் இருந்தன.

விடுமுறை நாட்களில் கணவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் பீடங்களோடு போனாள். மேசையைத் துடைப்பது அவன் வேலை. தூசி இருந்தால் ஒட்டுப் பட்டை பிடிக்காது.

"கல்யாணத்துல உனக்குப் போட்ட சங்கிலியக்கூட இவ்வளவு அழுத்திப் போடல நான்" என்றான் அவன்.

"அதனாலதான் அடிக்கடி கழட்டி வச்சிடுறேன். பேசாமத் துடைங்க."

முதலில் அடித்தது மக் போன். மச்சான் சார் ஓடிவந்து எடுத்தார். எதிர்முனையில் ஒரு வாடிக்கையாளரின் மனைவி. ஒரே மாதிரி இன்னும் ஐந்து மக் கிடைத்தால் செட்டாக இருக்கும் என்று கேட்டார். மச்சான் சார் ரொம்ப மரியாதையாகப் பேசிவிட்டு வைத்தார். அன்று முழுவதும் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

பீட போன் அடித்தபோது அவள் ஓடினாள். மை தீர்ந்துவிட்டது என்றார் ஒரு காவலாளி. ஒரு ரீஃபில்லுக்காகவா இவ்வளவு தூரம் என்று டிரைவர் கேட்டதைக் காதில் வாங்காமல் அவளே போய் மாற்றிவிட்டு வந்தாள். அதன்பிறகு கைப்பையில் எப்போதும் ஒரு கட்டு ரீஃபில் இருந்தது. மாதங்கள் போயின. ரீஃபில் கேட்டு மட்டுமே அழைப்பு வந்தது. கணக்குப் பிள்ளை அவளைப் பார்க்கும்போதெல்லாம் பரிதாபமாகச் சிரித்தார். அவள் சிரிக்காமல், ஒட்டு விட்டுப்போன பீடங்களைத் திரும்ப ஒட்டக் கிளம்பினாள்.

ஆண்டுக் கடைசிக் கூட்டம் வந்தது. இரண்டு போன்களையும் முதலாளி மேசைமேல் வைக்கச் சொன்னார். மக்கும் புதுக் கட்டடம் கொண்டுவரவில்லை, பீடமும் கொண்டுவரவில்லை. மச்சான் சார் ஜெயித்தவர்போல இல்லை. இருந்தாலும் பிரிவு அவரிடம்தான் போகப்போகிறது. முதலாளி தொண்டையைச் செருமினார். எப்படிச் சொல்வது என்று அவர் வார்த்தை தேடுவது அவளுக்குப் புரிந்தது.

இன்னும் சில மாதம் கொடுங்கள், அதுவரை பாதிச் சம்பளம் போதும், பீடங்கள் இன்னும் தேயவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பீட போன் அடித்தது.

"ரீஃபில்லா இருக்கும்" என்றார் கணக்குப் பிள்ளை.

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். பேசியவர் ஊரிலேயே பெரிய அலுவலக வளாகத்தின் மேலாளர். ஆறு லிஃப்ட். மச்சான் சார் பல ஆண்டு நடையாய் நடந்தும் உட்காரக்கூட நாற்காலி கிடைக்காத இடம். மூன்று லிஃப்ட் நின்றுவிட்டதாகவும், உடனே ஆள் அனுப்ப முடியுமா என்றும் அவர் கேட்டார். ஒப்பந்தத்தையும் மாற்றிக்கொள்ள நினைக்கிறார்களாம். நாளை வந்து பேச முடியுமா? அவள் முடியும் என்றாள். ஆள் இப்போதே கிளம்புவார் என்றாள்.

மச்சான் சாரால் பொறுக்க முடியவில்லை. போனை நோக்கிக் குனிந்து, எங்கள் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

"வாசல்ல உங்க பேனாதான சார் கெடக்குது, எங்க லிஃப்ட் கம்பெனி ஆளும் அதுலதான் கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வருவான், இந்த மாசம் புரட்டிப் பாத்தா அவன் கையெழுத்து ஒண்ணுகூட இல்ல, நிமிந்தா உங்க நம்பர்தான் நிக்குது."