கேட்காமல் போட்ட சம்பளம்

கார்னவல் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஊதியப் பிரிவில் இருப்பவர்களுக்கு நரகம். எல்வியா குவாஸ்கோத்தா அந்த ரோஜாப் பண்ணையில் பன்னிரண்டு வருடமாகச் சம்பளம் போடுகிறாள். இதை அவளைவிட நன்றாக அறிந்தவர் கயாம்பேயில் யாரும் இல்லை. திங்களும் செவ்வாயும் விடுமுறை. வெள்ளியன்று போகாத பணம் புதன்கிழமைதான் போகும். அதனால் அன்று காலை பத்து மணிக்கே சம்பளப் பட்டியலை வங்கியின் பக்கத்தில் ஏற்றிவிட்டு, மேலாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தாள்.

மேலாளர் இன்ஜினியர் ஃபௌஸ்தோ குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பியிருந்தார். ஒப்புதல் எண் அவர் கைபேசிக்குத்தான் வரும். அந்த மகராசன் மலை இறக்கத்தில் சிக்னல் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எல்வியா பதினைந்து முறை அழைத்தாள். பிற்பகலில் எங்கோ மீன் வறுவல் சாப்பிட நிறுத்தியபோதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"ஒப்புதல் குடுத்துட்டேன் எல்வியா, ஹேப்பி கார்னவல்!" என்றார்.

"நேரம் போயிடுச்சு சார்."

"என்ன நேரம்? போயிடுச்சுன்னு எனக்குக் காட்டுதே."

காட்டத்தான் செய்தது. பண்ணையின் வங்கியிலேயே கணக்கு வைத்திருந்தவர்களுக்குப் பணம் உடனே விழுந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கத்திலும் வேறு வங்கிகளிலும் கணக்கு வைத்திருந்தவர்களின் பணம் மத்திய வங்கி வழியாகத்தான் போயாக வேண்டும். அன்றைய கடைசிச் சுற்று மூடிவிட்டது. அந்தப் பெயர்களுக்கு எதிரே 'அடுத்த வேலைநாள்' என்று மஞ்சளாக எழுதியிருந்தது. ஒரே பட்டியல், ஒரே வேலை, பாதிப் பேருக்குப் பண்டிகை, பாதிப் பேருக்குப் பட்டினி.

செய்தி தரம்பிரிக்கும் கூடத்துக்குப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. காதலர் தினத்துக்காக மூன்று வாரம் இரவு பகலாக ரோஜா கட்டியவர்கள் அவர்கள். மிகைநேரக் கூலி எல்லாம் இந்தச் சம்பளத்தில்தான் வர வேண்டும். வாயிற்காவலன் வாஷிங்டனுக்குச் சம்பளம் வந்துவிட்டதால் நாக்கு நீண்டுவிட்டது.

"கூட்டுறவுல கணக்கு ஆரம்பிச்சா போர்வை குடுத்தாங்க, குக்கர் குடுத்தாங்கன்னு ஓடினீங்கள்ல? இப்ப குக்கரைப் போத்திக்கிட்டுப் படுங்க!" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் சீண்டிக்கொண்டிருந்தான்.

நான்கு மணிக்கு நூபே ஃபாரினாங்கோ எல்வியாவின் ஜன்னலுக்கு வந்தாள். ஐம்பது வயது, ரப்பர் பூட்ஸ், குளிர் அறையின் ஈரம் இன்னும் காயாத கவசத்துணி. அவள் பிறரைப் போலச் சத்தம் போடவில்லை.

"தோன்யா எல்வியா," என்று மரியாதையாக அழைத்தாள். "எனக்குப் புதன்கிழமை வரைக்கும் தாங்காது."

"எல்லாருக்கும் அதேதான் நூபே அக்கா. நான் என்ன பண்ண?"

"என் வீட்டுக்காரர் மாடத்துக்கு நாளைக்கு மத்தியானம் கடைசிக் கெடு."

அவள் கணவன் மெசியாஸ் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஊர்க் கல்லறையில் சுவரில் அடுக்கிய மாடங்களில் ஒன்றில் இருந்தான். மாடம் வாடகைக்குத்தான். நான்கு வருடம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் திறந்து எலும்பைப் பொதுக் குழியில் போட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். நூபே இரண்டு தடவை கெடு வாங்கிவிட்டாள். இனிமேல் கிடையாது என்று கல்லறைக் கமிட்டியின் பொருளாளர் சொல்லியிருந்தார்.

"உசுரோட இருந்தப்பவும் அந்த மனுஷன் ஒரு மாசம் ஒழுங்கா வாடகை கட்டினதில்ல. செத்தும் என் தலையிலதான் கட்டிட்டுப் போயிருக்கான்," என்று சொல்லி நூபே சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "நூத்தி அறுபது டாலர். அவ்வளவுதான்."

எல்வியாவுக்கு மனசு கரைந்தது. அவள் சம்பளம் விழுந்துவிட்டது. அலுவலகத்து மூலையில் இருக்கும் பண இயந்திரத்தில் எடுத்து இவளுக்குக் கொடுத்துவிடலாம், புதன்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சொல்லவும் செய்தாள்.

"அஞ்சரைக்கு பஸ்ஸுக்கு வர்றப்ப கேட் பக்கத்துல நில்லுங்க. நான் தர்றேன்."

நூபே அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். பன்னிரண்டு வருட அனுபவம் விடவில்லை. நூபேயின் பெயரைத் திரையில் தட்டியபோது, பண்ணையின் வங்கியிலேயே அவளுக்கு ஒரு பழைய கணக்கு இருப்பதைப் பார்த்தாள். போன அக்டோபரில்தான் கூட்டுறவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தாள். ஏன் என்று எல்வியா அப்போது கேட்கவில்லை. இவளும் குக்கருக்குத்தான் போயிருப்பாள் என்று நினைத்தாள். கணக்கு இன்னும் மூடப்படவில்லை. இதேபோல இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

எல்வியாவுக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. காத்திருக்கும் நான்கு வரிகளையும் ரத்து செய்தாள். அந்தப் பணத்தைப் பழைய கணக்குகளுக்கு மாற்றிப் புதுப் பட்டியல் போட்டாள். ஒரே வங்கிக்குள் என்பதால் நேரக் கெடு கிடையாது. மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே இன்ஜினியர் இன்னொரு முறை ஒப்புதல் கொடுத்தார்.

"எல்வியா, நீ இல்லேன்னா இந்தப் பண்ணையே ஓடாது."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்கு பெயரும் பச்சையாக மாறியதைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சொந்தப் பணத்தை எடுக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. இதில் கொஞ்சம் நிம்மதி இருந்ததை மறைப்பானேன்? விடுமுறைக்கு இபார்ரா நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறவளுக்குக் கையில் காசு இருந்தால்தானே மரியாதை.

வாயிலில் ஒரே கூச்சல். இளவட்டங்கள் ஒருவர் மேல் ஒருவர் கார்னவல் நுரை பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது. நூபே உள்ளே போகாமல் படியில் தொங்கிக்கொண்டு இவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சு அக்கா!" என்று எல்வியா கத்தினாள். "உங்க சம்பளமே வந்துடுச்சு! காலையில போய் எடுத்துக்கோங்க!"

நூபே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பும் வரை கையசைத்தாள்.

சனிக்கிழமை காலை எல்வியா அக்கா வீட்டு மாடியில் பிள்ளைகளோடு தண்ணீர் விளையாடிக்கொண்டிருந்தாள். கைபேசியில் நூபேயின் அழைப்பு வந்தது. கை முழுக்க நுரை. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள், பாவம், புதன்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். கைபேசி இன்னும் இரண்டு தடவை அடித்தது.

"யாருடி விடாம அடிக்கிறது?" என்று அக்கா கேட்டாள்.

"ஆபீஸ்ல ஒருத்தங்க. ஒரு நல்லது பண்ணினேன், நன்றி சொல்லியே ஓய மாட்டாங்க போல," என்றாள் எல்வியா. பெருமையாகத்தான் சொன்னாள்.

புதன்கிழமை காலை பழைய கணக்குக்காரர்கள் மூவரும் சூடான பிஸ்கோச்சோ ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார்கள். பண்டிகையைக் காப்பாற்றியவள் நீதான், உன்னைத் தேவாலயத்தில் சிலையாக வைக்க வேண்டும் என்றெல்லாம் புகழ்ந்தார்கள். எல்வியா வெட்கத்தோடு ஒன்றைக் கடித்தாள். அப்போது பின்னால் நூபே நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் சாம்பல் சிலுவை. சாம்பல் புதனின் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

மற்றவர்கள் போகும் வரை அவள் காத்திருந்தாள்.

"மாடம் கட்டிட்டீங்களா அக்கா?"

"எதை வெச்சு?"

"பணம்தான்..."

"சனிக்கிழமை காலையில கூட்டுறவுக்குப் போனேன். ஒண்ணும் வரலைன்னாங்க. உங்களைக் கூப்பிட்டேன். அப்புறந்தான் எனக்குச் சந்தேகம் வந்து அந்தப் பழைய கார்டைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பதினோரு டாலர் இருந்துச்சு."

எல்வியாவின் வாயில் இருந்தது மண்ணாகிவிட்டது.

"அந்த பேங்க்லதான் அவர் ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் கடன் வாங்கினேன்," என்றாள் நூபே. "போன வருசம் கட்ட முடியல. தவணை நின்னு போச்சு. கணக்குல காசு விழுந்தா அவங்களே எடுத்துக்கலாம்னு அப்பவே கையெழுத்து வாங்கியிருக்காங்க. சம்பளம் விழுந்த நிமிசமே வழிச்சு எடுத்துருவாங்க. அதனாலதான் மாத்தினேன். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கையில கொண்டுபோய்க் கட்டிட்டிருந்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா..."

"கடனை யாராவது சொல்லிட்டுத் திரிவாங்களா தோன்யா? நீங்களும் கேக்கல."

கேட்கவில்லைதான். மூன்று தடவை அழைப்பு வந்தபோதும் எடுக்கவில்லை. எல்வியா கடித்த பிஸ்கோச்சோவை மேசையில் வைத்தாள். கேட்கப் பயமாக இருந்தாலும் கேட்டாள்.

"அவரை... எடுத்துட்டாங்களா?"

"சனிக்கிழமை மத்தியானம் பொருளாளர் கால்லயே விழுந்தேன். சரி, புதன் வரைக்கும் பார்க்கலாம்னுதான் சொன்னார், நல்ல மனுஷன். ஞாயித்துக்கிழமை மேட்டுத் தெருவுல ஒரு பெரியவர் செத்துட்டார். வேற மாடம் காலி இல்ல. கெடு முடிஞ்சதுல முதல் பேரு எங்களோடது." நூபே கவசத்துணியின் ஓரத்தை முறுக்கினாள். "பெட்டி கொண்டாந்தா எலும்பைத் தனியா எடுத்துத் தர்றோம், வீட்டுலயாவது வெச்சுக்கோன்னாங்க. பெட்டி நாப்பது டாலர். கடைக்காரன் விடுமுறைக்கு ஊருக்குப் போயிட்டான். மாமியார் வீட்டுல ஒரு மரப்பெட்டி இருந்துச்சு, அதை எடுத்துட்டு ஓடி வர்றதுக்குள்ள குழியில கொட்டிட்டாங்க. அதுல யார் யாரோ இருக்காங்க. பூ வைக்கணும்னாலும் எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு தெரியல."

எல்வியா அழுதுவிட்டாள். பையைத் திறந்து இருந்த பணத்தையெல்லாம் எடுத்து நூபேயின் கையில் திணித்தாள். வெள்ளிக்கிழமை கொடுத்திருக்க வேண்டிய பணம். நூபே மறுப்பாள், முகத்தில் எறிவாள் என்று எதிர்பார்த்தாள். எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நூபே அதை மடித்துக் கவசத்துணிக்குள் வைத்துக்கொண்டாள்.

"மாசம் முழுக்கச் சாப்பிடணுமே," என்றாள். "கடனாத்தான் வாங்கிக்கறேன்."

பிறகும் அவள் போகவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சம்பளச் சீட்டுகள் அங்கே அடுக்கியிருந்தன. இன்றைக்குள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று காலையில் எல்வியாவே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தாள்.

"என்னோடதையும் குடுங்க."

"வேணாம் அக்கா. இன்னிக்கு வேணாம்."

"குடுங்க. அப்புறம் மேற்பார்வையாளர் கூப்பிட்டு விடுவார், என் வேலை கெடும்." சீட்டைத் தானே தேடி எடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவள், கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். "கடைசி வரியில என்ன எழுதியிருக்கு?"

எல்வியாவால் பொய் சொல்ல முடியவில்லை. "பிப்ரவரி மாசச் சம்பளம் முழுசையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லைன்னு."

"சரிதான்," என்று நூபே கையெழுத்துப் போட்டாள். "வந்துச்சுல்ல."

பேனாவை மூடி வைத்தாள்.

"அடுத்த மாசம் எதுல போடுவீங்க?"

"கூட்டுறவுலதான் அக்கா."

"லேட்டானாலும்?"

"லேட்டானாலும்."

நூபே தலையசைத்துவிட்டு, குளிர் அறைக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.