அர்த்தநாரியின் டைம்ஷீட்

அர்த்தநாரி இறந்து ஒரு மாதமாகியும், சனிக்கிழமைதோறும் அவர் எந்த வேலையை எத்தனை மணி நேரம் பார்த்தார் என்று காட்டும் டைம்ஷீட் சௌந்திரத்தின் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. சேலத்தில் அவர் புரோகிராம் எழுதிவந்த கம்ப்யூட்டர் கம்பெனியின் கணக்கெல்லாம் அவள் பொறுப்பு. எழுத்து அவருடையதேதான். வேலை என்ற இடத்தில் ஆட்டையாம்பட்டி மில்லின் சம்பளப் புரோகிராம் என்றிருந்தது.

எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சலோடு தாள்களை ஒதுக்கிவைத்தாள். ஆனால் அவர் சாவோடு பாதியில் நின்ற அந்தப் புரோகிராம் முடிந்து, ஓடவும் செய்தது. அதில் கைவைத்ததாக வேறு யாருடைய டைம்ஷீட்டிலும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த வேலையின் கடைசியான மூன்றாம் கட்டம் சரியென்று மில்காரர்கள் கையெழுத்துப் போட, அதற்கான பில்லும் போய்விட்டது.

முதலாளி தங்கசாமி லாபக் கணக்கைப் பார்த்தார். "இந்தக் கட்டத்துக்குச் செலவே இல்லீங்களே, எப்படிங்க?"

"மணி நேரத்தை ஆளோட சம்பள ரேட்டால பெருக்கினாத்தானுங்க செலவு. அர்த்தநாரி பேரைச் சம்பளத்துலிருந்து எடுத்துட்டோம். இனி அவரு எவ்வளவு உழைச்சாலும் பூஜ்யந்தானுங்க." தாள்களை அவர் முன் தள்ளினாள்.

தங்கசாமி ஒவ்வொன்றாகப் படித்தார். தேதிகளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, எல்லாவற்றிலும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

"புதுசா வந்த நாமக்கல் வேலையையும் இவரு பேருக்கே போட்டுருங்க," என்றார்.